மாங்கூழ் ஆலையும் 18 சதவீத வட்டியும்: கிருஷ்ணகிரிப் பட்டறை ஒன்றின் நிலுவைக் கணக்கு

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கம் இருக்கும் மாங்கூழ் ஆலைகளுக்கு வேலை செய்யும் எவர்சில்வர் ஃபேப்ரிகேஷன் பட்டறைகளுக்குப் பிப்ரவரியில் இருந்து மே வரை மூச்சு விட நேரமிருக்காது. சீசன் தொடங்குவதற்குள் டேங்க், கன்வேயர், பைப் லைன் எல்லாம் தயாராக வேண்டும். ஆலைக்காரர்கள் கையில் பணம் இருப்பதும் வேலை கொடுப்பதும் அந்த மாதங்களில்தான். ஜூனில் பெங்களூரா பழ வரத்து சூடு பிடித்ததும் இருக்கிற பணம் முழுக்கப் பழம் வாங்குவதற்குப் போய்விடும். மண்டிக்காரரும் தோட்டக்காரரும் காத்திருக்க மாட்டார்கள், பட்டறைக்காரர் காத்திருப்பார் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். கூழ் கண்டெய்னரில் ஏறி, வெளிநாட்டுக்காரர் பணம் அனுப்பிய பிறகுதான் ஆலைக்கு மூச்சு திரும்பும்.

நான் இந்தப் பக்கத்துச் சிறு பட்டறைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். 2024 சீசனில் ஒரு பட்டறைக்கும் அது பத்து ஆண்டுகளாக வேலை செய்துவரும் ஓர் ஆலைக்கும் இடையே நடந்த நிலுவை வட்டி விவகாரத்தை இங்கே முழுதாக எழுதுகிறேன். இரு தரப்பின் பெயரும் வேண்டாம். தொகைகளும் தேதிகளும் போதும்.

ஆர்டரில் என்ன இருந்தது

இரண்டு ஹோல்டிங் டேங்க், ஒரு பழம் கழுவும் கன்வேயர். விலை 10 லட்சம், ஜிஎஸ்டி 18 சதவீதம் 1,80,000, மொத்தம் 11,80,000 ரூபாய். நாற்பது சதவீதமான 4,72,000 அட்வான்ஸாக வந்துவிட்டது. மீதி 7,08,000.

ஏப்ரல் 20 அன்று பில்லோடு சரக்கு இறங்கியது. அன்றே தண்ணீர் விட்டுச் சோதனை ஓட்டம் முடிந்து, ஆலை மேனேஜர் தாளில் கையெழுத்துப் போட்டார். பர்ச்சேஸ் ஆர்டரில் இருந்த வாசகம் இதுதான்: சோதனை ஓட்டம் முடிந்த நாளில் இருந்து 30 நாளுக்குள் மீதித் தொகை, அதற்கு மேல் தாமதமாகும் நாள்களுக்கு நிலுவைத் தொகை மீது ஆண்டுக்கு 18 சதவீதம் தனிவட்டி, ஜிஎஸ்டி தனி.

இந்த வாசகம் பர்ச்சேஸ் ஆர்டரில் இருந்தது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். நிறையப் பட்டறைகளில் பில்லின் அடியில் பொடி எழுத்தில் வட்டி வாசகம் அச்சடித்திருக்கும். அது விற்பவர் தன் பக்கத்தில் இருந்து எழுதிக்கொண்டது. ஆலையின் பர்ச்சேஸ் ஆர்டரில் '60 நாள்' என்றும் பட்டறையின் பில்லில் '30 நாள், 18 சதவீதம்' என்றும் இருந்தால், அக்கவுண்ட்ஸ்காரர் தன் தாளைத்தான் காட்டுவார். பேச்சு அங்கேயே நின்றுவிடும். இங்கே ஆலை தன் லெட்டர்ஹெட்டில் அடித்து, சீல் வைத்துக் கொடுத்த தாளிலேயே வட்டி இருந்தது. பின்னால் வந்த எல்லாப் பேச்சும் அந்தத் தாளின் மேல்தான் நின்றது.

மே 20: ஒரே நாளில் இரண்டு கெடு

ஏப்ரல் 20-இல் இருந்து 30 நாள் என்றால் மே 20. பணம் வரவில்லை. ஏப்ரல் மாத பில்லுக்கான ஜிஎஸ்டியைப் பட்டறை கட்ட வேண்டிய கடைசி நாளும் அதே மே 20. பணம் கைக்கு வந்ததா இல்லையா என்று ஜிஎஸ்டி கேட்காது. சரக்கு அட்வான்ஸுக்கு முன்கூட்டியே வரி இல்லை என்பதால், முழு 1,80,000-மும் அந்த ரிட்டர்னில்தான் விழுந்தது. தகடு வாங்கியதற்கான உள்ளீட்டு வரியைக் கழித்தது போக மிச்சத்தைப் பட்டறைக்காரர் வங்கி ஓவர்டிராஃப்ட் கணக்கில் இருந்து எடுத்துக் கட்டினார். ஓவர்டிராஃப்டுக்கு வங்கி வட்டி போடுகிறது. அதாவது, ஆலை தரவேண்டிய வரிக்குப் பட்டறை வட்டி கட்டுகிறது. தாமத வட்டி கேட்பது பேராசை இல்லை என்று பட்டறைக்காரரே நம்புவதற்கு இந்தக் கணக்கை நான் ஒருமுறை அவருக்குப் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. கேட்பவருக்கே கூச்சம் இருந்தால், கேட்கும் தொனி ஒன்று கெஞ்சலாகும், இல்லையென்றால் கோபமாகும்.

அவருக்கு முதலில் வந்தது கோபம். வட்டியோடு சேர்த்து ஒரு தொகை எழுதி ஆலை முதலாளிக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவதாகச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். அனுப்பியது வேறு ஒரு செய்தி, அதுவும் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு: "மே 20-ஆம் தேதி 7,08,000 வரவேண்டியிருந்தது. பர்ச்சேஸ் ஆர்டர்படி 21-ஆம் தேதியில் இருந்து நாளொன்றுக்கு 349 ரூபாய் வட்டி கணக்கில் ஏறும். இந்த வாரத்துக்குள் அனுப்பிவிட்டால் வட்டி போடப் போவதில்லை. எப்போது அனுப்ப முடியும் என்று ஒரு தேதி மட்டும் சொல்லுங்கள், சார்."

349 ரூபாய் எப்படி வந்தது என்றால், 7,08,000-ஐ 18 சதவீதத்தால் பெருக்கினால் ஆண்டுக்கு 1,27,440; அதை 365-ஆல் வகுத்தால் 349.15. நாள் கணக்கில் சொன்னது வேண்டுமென்றே செய்ததுதான். '18 சதவீதம்' என்று எழுதினால் தண்டனை போலத் தெரியும். 349 ரூபாய் என்றால் அக்கவுண்ட்ஸில் இருப்பவர் அதை நாள்களோடு பெருக்கிப் பார்ப்பார். பணம் வரவில்லை. ஆனால் வட்டி ஓடத் தொடங்கியது அவர்களுக்குத் தெரிந்தேதான் ஓடியது. இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று வட்டிக் கணக்கை நீட்டும்போது வரும் மனக்கசப்பு இங்கே வரவில்லை.

கசிவும் நான்கு நாளும்

ஜூன் 2-ஆம் தேதி ஒரு டேங்கின் வால்வு கேஸ்கெட்டில் கசிவு என்று ஆலையில் இருந்து போன் வந்தது. பட்டறை ஆள் போய் மாற்றி, 5-ஆம் தேதி மாலை சரியாகிவிட்டது. அதன் பிறகு நிலுவை பற்றிப் பேசும்போதெல்லாம் ஆலை தரப்பு இந்தக் கசிவைத்தான் முன்னால் வைத்தது. "டேங்கே ஒழுகுச்சு, அதுக்கு வட்டி வேறயா?"

சட்டப்படி பார்த்தால் இது நிற்காது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006-இன்படி, சரக்கு பெற்ற 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லியிருந்தால்தான் 'ஏற்றுக்கொண்ட நாள்' தள்ளிப்போகும். கசிவு தெரிந்தது சரக்கு இறங்கி ஆறு வாரம் கழித்து. ஆனாலும் அந்த நான்கு நாளை வட்டியில் இருந்து கழித்துவிடலாம் என்று நான் சொன்னேன். நான்கு நாளுக்கு 1,397 ரூபாய். கழித்தால், கசிவு பற்றிய பேச்சுக்கு ஒரு விலை நிர்ணயமாகிவிடுகிறது; மறுபடி அதைக் காட்டி முழுத் தொகையையும் நிறுத்தி வைக்க முடியாது. உண்மையிலேயே அந்த நான்கு நாள் அவர்களுக்குத் தொந்தரவுதான் என்பதும் ஒரு காரணம்.

மூன்று லட்சம் வந்தபோது

ஜூலை 8-ஆம் தேதி 3 லட்சம் வந்தது. வங்கிக் குறிப்பில் பில் நம்பர் போட்டிருந்தார்கள். பட்டறைக்காரர் அதில் முதலில் வட்டியைக் கழித்துக்கொண்டு, மிச்சத்தை அசலில் வரவு வைக்கலாமா என்று கேட்டார். வங்கிக்காரர்கள் அப்படித்தானே செய்கிறார்கள் என்பது அவர் வாதம். இங்கே அது கூடாது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 59-ஆம் பிரிவுப்படி, பணம் கொடுப்பவர் இன்ன கடனுக்கு என்று சொல்லிக் கொடுத்தால், வாங்கிக்கொள்பவர் அதற்குத்தான் வரவு வைக்க வேண்டும். பில் நம்பர் போட்டு அனுப்பியது அப்படிச் சொன்னதற்குச் சமம். எதுவும் சொல்லாமல் அனுப்பியிருந்தால்தான் 60-ஆம் பிரிவுப்படி தேர்வு நம் கையில் வரும். சட்டத்தை விட்டாலும், ஆலையின் லெட்ஜரில் 4,08,000 நிலுவை, பட்டறை லெட்ஜரில் 4,25,000 நிலுவை என்று இருந்தால், அடுத்த கணக்கு ஒப்பீட்டில் இரண்டு அக்கவுண்ட்ஸ்காரர்களும் ஒருவரை ஒருவர் பொய்யர் என்று நினைக்கத் தொடங்குவார்கள். 3 லட்சமும் அசலில் வரவானது.

அப்போதுதான் வட்டியைத் தனித்தாளாகக் கொடுத்தோம். டெபிட் நோட் இல்லை, வெறும் கணக்குத் தாள். மே 21 முதல் ஜூலை 8 வரை 49 நாள், கசிவுக்காகக் கழித்தது 4, மிச்சம் 45 நாளுக்கு 15,712 ரூபாய். ஜூலை 9-இல் இருந்து நிலுவை 4,08,000, நாளொன்றுக்கு 201 ரூபாய். இவ்வளவுதான் அந்தத் தாளில். அசலுக்கான நினைவூட்டல் வேறு தாளில் போனது.

தனியாகக் கொடுத்ததற்குக் காரணம், ஆலைக்குள் பணம் நகரும் விதம். அசலை அக்கவுண்ட்ஸ் பிரிவே பேமெண்ட் லிஸ்ட்டில் ஏற்றிவிடும். வட்டிக்கு முதலாளி கையெழுத்து வேண்டும். இரண்டையும் ஒரே தாளில் கேட்டால், வட்டிக்காக முதலாளி மேசைக்குப் போகிற தாளோடு அசலும் போய் அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். ஓசூரில் எனக்குத் தெரிந்த ஒரு பட்டறை இதைவிட மோசமான வழியில் போனது. பழைய நிலுவைக்கான வட்டியை அடுத்த சரக்கின் பில்லிலேயே ஓர் ஐட்டமாகச் சேர்த்துவிட்டார்கள். பில் தொகை பர்ச்சேஸ் ஆர்டரோடு ஒத்துப்போகவில்லை என்று புது பில் முழுவதையுமே வாடிக்கையாளர் நிறுத்தி வைத்துவிட்டார். சில ஆயிரம் வட்டிக்காகப் புதிதாக ஒரு பெரிய நிலுவை உருவானது.

டெபிட் நோட் போடாததற்கும் காரணம் உண்டு. தாமத வட்டியும் சரக்கின் மதிப்பில் சேரும் என்பதால், சரக்குக்கு உள்ள அதே 18 சதவீத ஜிஎஸ்டி வட்டிக்கும் உண்டு. ஆனால் அந்த வரி, வட்டி கைக்கு வந்த நாளில்தான் கட்ட வேண்டியதாகிறது. ஜிஎஸ்டி சட்டத்தின் 12(6) பிரிவு அப்படித்தான் சொல்கிறது. பேச்சு முடியும் முன்பே டெபிட் நோட் போட்டு ரிட்டர்னில் ஏற்றிவிட்டு, பிறகு பாதியை விட்டுக்கொடுத்தால், அதைத் திருத்த கிரெடிட் நோட், அதற்கு ஒரு விளக்கம் என்று வேலை வளரும். பேசி முடியும் வரை கணக்குத் தாள், முடிந்த பிறகு டெபிட் நோட் என்பதை நான் எல்லாப் பட்டறைகளுக்கும் சொல்கிறேன்.

முதலாளியோடு பேச்சு

கணக்குத் தாள் போன மறுநாள் ஆலை முதலாளி நேராகப் பட்டறைக்காரரைக் கூப்பிட்டார்.

"என்ன தம்பி, இத்தனை வருஷப் பழக்கத்துல வட்டிக் கணக்கு எழுதி அனுப்புற?"

"அண்ணா, நீங்க கையெழுத்துப் போட்ட ஆர்டர்ல இருக்கறதுதான். அசலுக்கு நான் அவசரப்படுத்தல. பழத்துக்குப் பணம் போகுதுன்னு எனக்கும் தெரியும். எந்தத் தேதிக்கு முடியும்னு சொல்லுங்க, அதுக்குத் தகுந்த மாதிரி வட்டியில நானும் இறங்கி வரேன்."

முதலாளி செப்டம்பர் கடைசி என்றார். அன்று மாலையே நான் எழுதிக் கொடுத்த கடிதம் போனது. ஜூலை 8 வரையிலான வட்டி 15,712 அப்படியே இருக்கும். அதற்குப் பிந்தைய வட்டியில், மீதி 4,08,000 செப்டம்பர் 30-க்குள் வந்துவிட்டால் பாதி தள்ளுபடி. ஒரு நாள் தாண்டினாலும் தள்ளுபடி இல்லை. ஆலை அதில் ஒப்புதல் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பியது.

முழுவதும் விட்டுக்கொடுத்தால் என்ன என்று பட்டறைக்காரரின் தம்பி கேட்டார். நல்ல வாடிக்கையாளர், ஆண்டுக்கு 20, 25 லட்சம் வேலை தருபவர் என்று அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் வாயால் "சரி, விடுங்க" என்று விட்டால், அடுத்த ஆண்டு அந்த வட்டி வாசகம் ஆர்டரில் இருந்தும் இல்லாதது போல்தான். தள்ளுபடி என்றால் எவ்வளவு, எதற்காக, எந்த நிபந்தனையில் என்று எழுத்தில் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் கொடுத்தவருக்கும் மரியாதை, பெற்றவருக்கும் மரியாதை.

மறுபக்கம், சட்ட வட்டியைக் கேட்கலாமே என்ற யோசனையும் வந்தது. பட்டறைக்குச் சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இருக்கிறது, உற்பத்திப் பிரிவில். மேலே சொன்ன 2006 சட்டத்தின் 16-ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டியாகக் கேட்கலாம். அப்போது வங்கி விகிதம் 6.75, மூன்று மடங்கு 20.25 சதவீதம். இந்தக் கணக்குக்கு அப்படிப் போட்டால் செப்டம்பர் 30 வரை 39 ஆயிரத்துச் சொச்சம் வரும். ஒப்பந்த வட்டி கசிவுக் கழிவுக்கு முன் 34,010. வித்தியாசம் ஐந்தாயிரம்தான். அந்த ஐந்தாயிரத்துக்காக, இருவரும் பேசி எழுதிய விகிதத்தைத் தள்ளிவிட்டுச் சட்டத்தை எடுப்பது, பேசியதற்கு மதிப்பில்லை என்று நாமே சொல்வது போலாகும். பணமே வராமல் போய், பேச்சும் முறிந்து, இத்தகைய நிலுவைப் புகார்களை விசாரிக்கும் ஃபெசிலிடேஷன் கவுன்சிலுக்கு மனுப் போடும் நிலை வந்தால் அது வேறு கதை. அதற்கு அந்த வழி திறந்தே இருக்கிறது.

வருமான வரியின் 43பி(எச்) பிரிவைக் காட்டி ஆலைக்காரரைக் கொஞ்சம் பயமுறுத்தலாம் என்றும் ஒருவர் சொன்னார். சிறு நிறுவனத்துக்கு உரிய காலத்துக்குள் பணம் தராவிட்டால் அந்தச் செலவை அந்த ஆண்டு கழிக்க முடியாது என்பது அது. ஆனால் டேங்கும் கன்வேயரும் ஆலைக்கு மூலதனச் சொத்து. செலவாகக் கழிக்காமல் தேய்மானமாகத்தான் எடுப்பார்கள். அந்தப் பிரிவு இந்த பில்லைத் தொடாது. ஆலையின் ஆடிட்டர் இதை ஒரே நிமிடத்தில் சொல்லிவிடுவார், அதன் பிறகு நாம் சொல்லும் சரியான கணக்கையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

பொருந்துகிற ஒன்று இருந்தது. பில் தேதியில் இருந்து 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், கொடுக்காத பங்குக்கு எடுத்த உள்ளீட்டு வரியை வாங்கியவர் வட்டியோடு திருப்ப வேண்டும். பணம் கொடுத்த பிறகு மறுபடி எடுத்துக்கொள்ளலாம். 180-ஆவது நாள் அக்டோபர் 17. மீதி 4,08,000-க்குள் இருக்கும் வரிப் பங்கு 62,237. செப்டம்பர் நடுவில் பட்டறைக்காரர் அக்கவுண்ட்ஸுக்குப் போன் செய்து, "சார், அக்டோபர் 17 தாண்டினா உங்களுக்கு 62 ஆயிரம் ரிவர்ஸ் பண்ற வேலை வந்துடும், அதுக்கு முன்னாடி முடிச்சிட்டா உங்களுக்கும் நல்லது" என்று சொன்னார். அக்கவுண்ட்ஸ்காரர் அதை மிரட்டலாக எடுக்கவில்லை. அவரே முதலாளியிடம் கொண்டுபோனார்.

முடிந்த கணக்கு

செப்டம்பர் 30 அன்று 4,08,000 வந்தது. ஜூலை 9 முதல் 84 நாளுக்கு வட்டி 16,901. பாதி தள்ளுபடி போக 8,451. முதல் பகுதி 15,712-ஐச் சேர்த்து 24,163. ஜிஎஸ்டி 4,349. மொத்தம் 28,512 ரூபாய்க்கு, பழைய பில் நம்பரைக் குறிப்பிட்டு டெபிட் நோட் போட்டோம். "வட்டிக்குமா ஜிஎஸ்டி?" என்று ஆலையில் கேட்டார்கள். ஆர்டரில் 'ஜிஎஸ்டி தனி' என்று இருந்ததைக் காட்டி, டெபிட் நோட் இருப்பதால் அதையும் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம் என்றதும் அந்தப் பேச்சு முடிந்தது. அக்டோபர் இரண்டாம் வாரம் பணம் வந்தது, நவம்பர் 20-க்குள் அந்த வரியைப் பட்டறை கட்டியது.

வந்த தொகையில் 2,416 குறைந்தது. வட்டி என்பதால் ஆலை 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்திருந்தது. சரக்கு விலையோடு சேர்ந்த தாமத வட்டிக்கு இது பொருந்துமா என்று ஆடிட்டர்களுக்குள்ளேயே விவாதம் உண்டு. வருமான வரியின் 26ஏஎஸ் படிவத்தில் ஏறினால் பட்டறையின் வரியில் கழித்துக்கொள்ளலாம் என்பதால் நாங்கள் அதை எதிர்த்துப் பேசவில்லை.

2025 சீசன் வேலைக்கான ஆர்டர் ஜனவரியிலேயே வந்தது. இந்த முறை பணம் கொடுக்கும் நிபந்தனைகளை இரு தரப்பும் சேர்ந்து மாற்றினோம், ஏனென்றால் மே 20 என்ற கெடு ஒரு மாங்கூழ் ஆலைக்கு ஆண்டிலேயே மோசமான நாள். அட்வான்ஸ் 50 சதவீதம், சரக்கு ஏற்றும் முன் 40, சோதனை ஓட்டம் முடிந்து 30 நாளுக்குள் கடைசி 10. சீசனுக்குள் தொங்கும் தொகை பத்தில் ஒரு பங்காகிவிட்டது. வட்டி வாசகம் அதே 18 சதவீதமாக இருந்தது. அதன் கீழே, எழுத்தில் தெரிவித்த பழுது சரியாகும் வரையிலான நாள்களுக்கு வட்டி இல்லை என்று ஆலையின் அக்கவுண்ட்ஸ்காரரே ஒரு வரி சேர்த்து அனுப்பியிருந்தார். பட்டறைக்காரர் அதில் ஒரு திருத்தமும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார்.